வெள்ளைத் துணிக்கு நீலம்: எவ்வளவு போடுவது, ஏன் திட்டுத் திட்டாகிறது

அப்பாவின் எட்டு முழ வேட்டி ஒன்றைக் கொடியிலிருந்து எடுத்து மடிக்கும்போதுதான் கவனித்தேன். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நீலத் திட்டு. அதைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாக நான்கைந்து சின்னத் திட்டுகள். மறுநாள் காலை உறவுக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அவர் கட்டிக்கொண்டு போக வேண்டிய வேட்டி அது. நீலத்தை அதிகமாகப் போட்டுவிட்டேன் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அன்றைக்கு நான் விட்டது ஐந்தே ஐந்து சொட்டு. அளவு சரிதான். தவறு வேறு இடத்தில் இருந்தது: துணிகள் ஏற்கெனவே கிடந்த வாளியில், அவற்றின் மேலேயே அந்தச் சொட்டுகளை விட்டிருந்தேன்.

புதிதாகத் துணி துவைக்கத் தொடங்குகிறவர்கள் எல்லோருமே ஒரு தடவையாவது இந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். நீலம் துணியில் என்ன செய்கிறது என்பது புரிந்துவிட்டால் எவ்வளவு போடுவது, ஏன் திட்டாகிறது என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே விடைதான் என்று தெரியும்.

பருத்தித் துணி வாங்கும்போது இருக்கிற வெண்மை நாள்பட நாள்பட மங்கும். வியர்வையும் உடம்பு எண்ணெயும் இழைக்குள் தங்குகின்றன. சரியாக அலசாத சோப்பு ஒரு படலமாகப் படிகிறது. போர் தண்ணீரில் இரும்புச் சத்து இருந்தால் அதுவும் சேர்ந்துகொள்கிறது. இவை எல்லாம் சேர்ந்து துணிக்கு லேசான மஞ்சள் பூக்கிறது. துணி மஞ்சளாகத் தெரிகிறது என்றால், தன்மேல் விழும் வெளிச்சத்தில் நீல நிறத்தைக் கொஞ்சம் விழுங்கிவிட்டு மற்றதைத் திருப்பி அனுப்புகிறது என்று பொருள். அந்தத் துணியில் மிக மெல்லிய நீலச்சாயம் ஏறினால், அது தன் பங்குக்கு மஞ்சள், ஆரஞ்சுப் பக்கத்து வெளிச்சத்தை விழுங்கும். இரண்டு பக்கமும் சமமாகிவிடுவதால் எந்த நிறமும் தனியாகத் துருத்தாமல் கண்ணுக்கு வெள்ளையாகப் படுகிறது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீலம் போட்டதால் அழுக்கும் போகவில்லை, வெளிச்சமும் கூடவில்லை. உண்மையில் துணி முன்பைவிட ஒரு துளி மங்கலாகத்தான் ஆகியிருக்கிறது. மஞ்சள் கலந்த வெளிச்சத்தைவிட நீலம் கலந்ததையே நம் கண் வெள்ளை என்று ஏற்றுக்கொள்வதால் அந்த மங்கல் தெரிவதில்லை. அதனால்தான் இதற்கு எல்லை உண்டு. லேசான மஞ்சளை லேசான நீலம் சமன்செய்யும். நன்றாகப் பழுத்த மஞ்சளுக்கு நீலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் வெள்ளை வராது. பச்சை கலந்த சாம்பல் நிறம்தான் வரும். அப்படிப்பட்ட துணியை முதலில் வெந்நீரில் சலவை சோடாவோ நல்ல சோப்புத்தூளோ போட்டு ஊறவைத்து மஞ்சளைக் குறைக்க வேண்டும். நீலம் அதற்கு அப்புறம்தான்.

இப்போது வருகிற சோப்புத்தூளில் பெரும்பாலும் வெண்மையூட்டி ஒன்று இருக்கிறது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு அதை நீல வெளிச்சமாகத் திருப்பித் தருவது அதன் வேலை. அதனால்தான் சில சட்டைகள் வெளியில் பளிச்சென்றும், எல்இடி விளக்கின் கீழ் சோர்ந்துபோயும் தெரிகின்றன. நீலத்துக்கு அந்த வேறுபாடு இல்லை. எந்த வெளிச்சத்திலும் ஒரே மாதிரிதான் வேலை செய்யும்.

கடையில் கிடைக்கும் நீலம் இரண்டு வகை. ஒன்று நீலப்பொடி. பாட்டி காலத்தில் அதைத் துணியில் சின்ன மூட்டையாகக் கட்டித் தண்ணீரில் ஆட்டுவார்கள். அந்தப் பொடி பெரும்பாலும் அல்ட்ராமரீன் என்ற நிறமி. ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தான் மலைகளில் வெட்டியெடுத்த லாபிஸ் லசூலி என்ற நீலக்கல்லை அரைத்து எடுத்தார்கள். தங்கத்துக்கு ஈடான விலை. பிரான்சில் 1828இல் ழான் பாப்டிஸ்ட் கிமே என்பவர் அதைச் செயற்கையாகச் செய்யும் முறைக்குப் பரிசு பெற்றார். அதன்பிறகுதான் அது துணி துவைக்கும் கல் வரைக்கும் வந்தது. இரண்டாவது சொட்டு நீலம். கேரளத்தில் எம்.பி. ராமச்சந்திரன் 1983இல் தொடங்கிய உஜாலாவும் அதைப் போன்ற மற்றவையும் இந்த வகை. பேர்தான் நீலம், புட்டியில் பார்த்தால் ஊதா.

இரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இது. நீலப்பொடி தண்ணீரில் கரையாது. கண்ணுக்குத் தெரியாத மணல் மாதிரி மிதக்கும், கொஞ்ச நேரம் விட்டால் அடியில் தங்கிவிடும். சொட்டு நீலம் முழுசாகக் கரையும் சாயம். ஒன்று இழைகளுக்கு நடுவில் போய் உட்காருகிறது; இன்னொன்று இழையில் ஊறுகிறது. திட்டு விழுந்தால் அதைப் போக்கும் வழி இரண்டுக்கும் வேறுவேறாக இருப்பதும் இதனால்தான்.

எவ்வளவு போடுவது

வீட்டில் இருக்கும் பெரிய வாளி ஏறக்குறைய 20 லிட்டர் பிடிக்கும். அரை வாளி என்றால் 10 லிட்டர். அதற்குச் சொட்டு நீலம் நான்கு அல்லது ஐந்து சொட்டு போதும். பொடியானால் கால் டீஸ்பூனுக்கும் குறைவாக எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அடர்த்தி மாறும் என்பதால் புட்டியில் போட்டிருக்கும் அளவையும் ஒருமுறை பாருங்கள்.

நான்கு சொட்டு என்பது எவ்வளவு குறைவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் மிச்சமெல்லாம் விளங்கிவிடும். சுமார் இருபது சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர். நான்கு சொட்டு 0.2 மில்லி. அது 10 லிட்டரில் கலக்கும்போது ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. அவசரத்தில் மூடியில் ஊற்றிப் போடுகிறவர்கள் உண்டு. 5 மில்லி பிடிக்கும் சின்ன மூடி என்றாலும் அதில் நூறு சொட்டு இருக்கிறது. தேவையைப் போல இருபத்தைந்து மடங்கு.

இதே கணக்கில்தான் திட்டின் ரகசியமும் இருக்கிறது. பத்து லிட்டருக்கு நான்கு சொட்டு என்றால் ஒரு சொட்டு இரண்டரை லிட்டர் தண்ணீருக்கு உரியது. அந்தச் சொட்டு தண்ணீரில் விரிவதற்குள் துணியைத் தொட்டுவிட்டால், இரண்டரை லிட்டரில் பரவ வேண்டிய நிறம் முழுவதும் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் இறங்கிவிடும். பருத்தி தொட்ட கணத்திலேயே உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் வாளியை எவ்வளவு கலக்கினாலும் அந்த இடத்துக்கும் மற்ற இடத்துக்கும் உள்ள வித்தியாசம் போகாது. அப்பாவின் வேட்டியில் நடந்தது இதுதான்.

ஆகவே சொட்டுகளை எண்ணுவதைவிடத் தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பது மேல். கலக்கிய தண்ணீரை உள்ளங்கையில் கொஞ்சம் அள்ளிப் பாருங்கள். கை ரேகைகள் தெளிவாகத் தெரிய வேண்டும், தண்ணீரில் வெளிறிய வானத்தின் நிறம் இருக்கிறதோ இல்லையோ என்று சந்தேகப்படும் அளவுக்கு இருக்க வேண்டும். வாளியில் பார்க்கும்போது நல்ல நீலமாகத் தெரிவது ஆழத்தினால். அதை நம்பக் கூடாது. சிவப்பு, பச்சை வாளிகள் நிறத்தை இன்னும் ஏமாற்றும். உள்ளங்கையில் அள்ளியதே நீலமாக இருந்தால் பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைத் துவையல்

இப்போது நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். எட்டு முழ வேட்டி ஒன்று, வெள்ளைச் சட்டை இரண்டு, பனியன் இரண்டு என்று வைத்துக்கொள்வோம்.

துவைத்தபிறகு நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசுகிறேன். மூன்றாவது தண்ணீரில் நுரை வரக் கூடாது. இதில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. சோப்பின் வேலையே நிறத்தையும் அழுக்கையும் துணியிலிருந்து கழற்றிக்கொண்டு போவது. சோப்பு தங்கிய இடத்தில் நீலம் சரியாகப் பிடிக்காது, மற்ற இடத்தில் பிடிக்கும். உப்புத் தண்ணீர் ஊர்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. பார் சோப்பு கடினத் தண்ணீரோடு சேர்ந்து சாம்பல் நிறப் பிசுக்காகத் திரிந்து துணியில் ஒட்டிக்கொள்ளும். நீலப்பொடி நேராகப் போய் அந்தப் பிசுக்கில் பிடித்துக்கொள்ளும். நீலம் திட்டாக விழுந்தது என்று நாம் நினைப்பது பல சமயம் சோப்பு திட்டாக இருந்ததன் விளைவு.

அலசிய துணிகளைப் பிழிந்து, ஒவ்வொன்றையும் உதறி விரித்து, தனியாக ஒரு தொட்டியில் போட்டு வைக்கிறேன். துணி ஈரமாகவே இருக்க வேண்டும். காய்ந்த பருத்தி தண்ணீரைக் கண்டதும் வேகமாக இழுக்கும், அந்த இழுப்பில் நீலமும் முதலில் பட்ட இடத்திலேயே நின்றுபோகும். ஈரத்துணி ஏற்கெனவே தண்ணீர் குடித்து நிறைந்திருப்பதால் நீலம் மெதுவாக, எல்லாப் பக்கமும் ஒரே சீராக உள்ளே போகிறது. பாதி காய்ந்த துணி இன்னும் மோசம். ஈரமும் காய்வும் இருந்த எல்லைக்கோடு அப்படியே நீலத்தில் தெரியும்.

அடுத்து ஒரு மக்கில் தண்ணீர் பிடித்து அதில் நான்கு சொட்டு விட்டுக் கரைக்கிறேன். பிறகு அந்த மக்குத் தண்ணீரை அரை வாளித் தண்ணீரில் ஊற்றி, கையால் அடிவரைக்கும் கலக்கி, உள்ளங்கையில் அள்ளிப் பார்க்கிறேன். பொடியானால் மக்கில் கரைத்ததை ஒரு பழைய துணியில் வடிகட்டித்தான் வாளியில் விட வேண்டும். கட்டி ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. பாட்டிமார் கட்டிய மூட்டை செய்ததும் இந்த வடிகட்டல்தான்.

வேட்டியை முதலில் முக்குகிறேன். முதலில் போகும் துணிதான் நிறத்தை அதிகம் எடுக்கும் என்பதால் எது கூடுதலாக மஞ்சள் பூத்திருக்கிறதோ அதற்கு முதலிடம். இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து ஒரே மூச்சில் முழுசாக அமிழ்த்தி, தூக்கி, புரட்டி, மறுபடி அமிழ்த்தி எடுக்கிறேன். ஒரு நிமிடம் போதும். ஊறவைப்பது என்ற பேச்சே நீலத்துக்குக் கிடையாது. சுருட்டி உள்ளே போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போனால் வெளி மடிப்பு நிறத்தை எல்லாம் எடுத்துக்கொள்ளும். உள் மடிப்புக்கு வெறும் தண்ணீர்தான் மிஞ்சும். ஒவ்வொரு துணியாகத்தான் முக்க வேண்டும். மூன்று துணிக்குப் பிறகு தண்ணீர் வெளிறிப்போனால், துணி எதுவும் வாளியில் இல்லாதபோது மக்கில் இன்னும் ஒரு சொட்டுக் கரைத்துச் சேர்க்கலாம்.

கஞ்சி போடுகிறவர்கள் நீலத்தைக் கஞ்சித் தண்ணீரிலேயே கலந்துகொள்வது வழக்கம். தவறில்லை, ஆனால் கஞ்சியில் ஒரு சின்னக் கட்டி இருந்தாலும் அது நீலத்தைச் சேர்த்துக்கொண்டு துணியில் அப்பிக்கொள்ளும். வடிகட்டிய கஞ்சி என்றால் மட்டும் கலந்துகொள்ளுங்கள்.

காயப்போடுவதிலும் கவனம் வேண்டும். சொட்டச் சொட்டக் கொடியில் போட்டால் தண்ணீர் கீழ்நோக்கி இறங்கும்போது நீலத்தையும் கூட்டிக்கொண்டு போகும். கடைசியில் தண்ணீர் காற்றோடு போய்விடும், நீலம் கரையில் தங்கிவிடும். வேட்டியின் கீழ்க்கரையிலும் சட்டையின் காலர், பாக்கெட், கைமடிப்பு போன்ற தடித்த இடங்களிலும் விழும் நீலக்கோடு இப்படி வந்ததுதான். நன்றாகப் பிழிந்து, உதறி, மடிப்பில்லாமல் விரித்துப் போட்டால் சீக்கிரம் காயும். நீலத்துக்கு ஊர்ந்து போக நேரம் இருக்காது.

வாஷிங் மெஷினில் போடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். மேலே திறக்கும் மெஷின் என்றால், கடைசி அலசலில் தொட்டி முழுதும் தண்ணீர் நிரம்பியபிறகு, ஒரு மக்கில் கரைத்த நீலத்தைச் சுற்றிலும் ஊற்றலாம். முன்பக்கம் திறக்கும் மெஷின் மிகக் குறைந்த தண்ணீரில் துணியை உருட்டுவதால் நீலம் விரிய இடமே இருக்காது. அதில் துவைத்தாலும் நீலத்தை வாளியில் தனியாகப் போடுவதுதான் என் பழக்கம். சோப்புத்தூளோடு சேர்த்து ஆரம்பத்திலேயே போடுவது எந்த மெஷினிலும் வீண்.

திட்டைப் பார்த்தே காரணம் சொல்லலாம்

விளிம்பு தெளிவான வட்டப் பொட்டாக இருந்தால், நேராகத் துணியில் சொட்டியது. புட்டியைப் பிடித்த விரலிலிருந்துகூட வரலாம். மூடியைச் சுற்றிக் கசிந்திருப்பதைத் தொட்டுவிட்டு அதே கையால் துணியை எடுத்திருப்போம். ஊசி முனை அளவில் புள்ளி புள்ளியாக இருந்தால் சரியாகக் கலக்காத பொடி அல்லது வாளியின் அடியில் தங்கிய வண்டல். மேகம் போல விளிம்பில்லாத திட்டுகள் என்றால் சோப்பு சரியாக அலசப்படவில்லை. பட்டை பட்டையாக, மடிப்பு இருந்த இடத்திலெல்லாம் கோடாக இருந்தால் சுருட்டிப் போட்டது. கரையில் மட்டும் என்றால் காயப்போட்டது. துணி முழுவதும் ஒரே சீராக நீலம் பாய்ந்திருந்தால் மட்டும்தான் அளவு அதிகம் என்று சொல்ல முடியும். அதுகூட ஒருநாளில் வந்ததாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு துவையலிலும் கொஞ்சம் தங்கித் தங்கி மாதக்கணக்கில் ஏறியிருக்கலாம். மஞ்சள் தெரியாதபோது இரண்டு துவையலுக்கு ஒருமுறை போட்டால் போதும்.

ஜட்டியின் எலாஸ்டிக், பனியனின் உள்ளே தைத்த லேபிள் ஆகியவை மட்டும் ஊதாவாக மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை பெரும்பாலும் நைலான் கலந்தவை. சொட்டு நீலத்தில் இருப்பது பெரும்பாலும் பட்டு, கம்பளி, நைலான் ஆகியவற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் சாயக் குடும்பத்தைச் சேர்ந்தது. பருத்தியில் அதன் பிடி தளர்வானது. வெள்ளைப் பட்டு வேட்டிக்கும் பட்டு அங்கவஸ்திரத்துக்கும் சொட்டு நீலம் காட்டவே கூடாது என்பதற்கு இதுதான் காரணம். பருத்தியில் விழுந்த திட்டு போகும். பட்டில் விழுந்தது போவது அரிது.

விழுந்த திட்டைப் போக்க

கொடியில் போடுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அப்படியே நிறையத் தண்ணீரில் நான்கைந்து முறை மாற்றி மாற்றி அலசுங்கள். காய்ந்தபிறகு பார்த்தால் இஸ்திரி மட்டும் போட்டுவிடாதீர்கள்.

சொட்டு நீலம் என்றால், கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் எடுத்து, சோப்புத்தூளும் ஒரு டீஸ்பூன் சலவை சோடாவும் போட்டு, திட்டுள்ள இடத்தை மட்டுமல்லாமல் முழுத்துணியையும் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். திட்டை மட்டும் தேய்த்தால் அந்த இடம் வெளுத்து, சுற்றிலும் நீலம் நிற்கும். தண்ணீரில் ஊதா இறங்குவது தெரியும். இரண்டாம் முறை ஊறவைத்தும் மிச்சமிருந்தால், சுத்தப் பருத்திக்கு மட்டும், வீட்டுக்கு வாங்கும் திரவ ப்ளீச்சைப் புட்டியில் சொன்ன அளவில் தண்ணீரில் கலந்து முக்கலாம். சாயம் அதில் சிதைந்துபோகும்.

நீலப்பொடியின் திட்டுக்குக் காரம் பயன்படாது. புளிப்புதான் அதன் எதிரி. அல்ட்ராமரீன் அமிலத்தில் நிறம் இழக்கும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ தண்ணீரில் கலந்து திட்டின் மேல் விட்டுப் பத்து நிமிடம் கழித்து அலசிப் பாருங்கள். லேசாக அழுகிய முட்டை வாடை வந்தால் பயப்பட வேண்டாம், நிறமியில் உள்ள கந்தகம் வெளியேறுகிறது. ஆனால் வினிகரும் எலுமிச்சையும் ப்ளீச்சோடு ஒருபோதும் சேரக் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது நுரையீரலைக் கெடுத்துவிடும். ஒன்றை முயன்றுவிட்டு இன்னொன்றுக்குப் போவதானால் நடுவில் துணியையும் வாளியையும் நன்றாகக் கழுவிவிடுங்கள்.

அப்பாவின் வேட்டியை அன்று இரவே வெந்நீரில் சோடா போட்டு ஊறவைத்தேன். முதல் தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் இறங்கியது, இரண்டாவது தண்ணீர் ஏறக்குறைய தெளிவாக இருந்தது. மின்விசிறிக்குக் கீழே நாற்காலிகளில் விரித்துக் காயவைத்தேன். விடிகாலையில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது நடுத்திட்டு இருந்த இடத்தில் மட்டும், தேடினால் தெரியும் அளவுக்கு ஒரு சாயல் இருந்தது. அதை உள்மடிப்பில் வைத்து இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.